ஐந்து மாதத்துக்கு 60 லட்சம்: லிக்விட் ஃபண்டா, ஆர்பிட்ராஜ் ஃபண்டா?

வாசகி கேள்வி

ஐயா, பதினான்கு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் இருக்கிறேன், நிரந்தரவாசி. அப்பா கொடுத்த திருச்சி மனையை ஜனவரியில் 70 லட்சத்துக்கு விற்றேன். வாங்கியவர் வரி பிடித்தது போக 60 லட்சம் என் என்ஆர்ஓ கணக்கில் சும்மா கிடக்கிறது. ஜூலை முதல் வாரம் சென்னையில் 75 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பதிவு செய்யப் போகிறோம். அதுவரை ஐந்து மாதம். "லிக்விட் ஃபண்டில் போட்டால் 30 சதவீதம் வரிக்கே போய்விடும். ஆர்பிட்ராஜில் போடு, வரி 20தான், ரிஸ்க்கும் கிடையாது" என்கிறான் தம்பி. அவன் சென்னையில் நல்ல வேலையில் இருப்பவன். எனக்கு இந்தியாவில் திருச்சிக் கடை வாடகை மாதம் 12,000 தவிர வேறு வருமானம் இல்லை. வீட்டுக்குத் தேவையான மீதி 15 லட்சத்தையும் இங்கிருந்து இப்போதே அனுப்பி, எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு வைக்கலாமா?

— பொங்கோல் வாசகி

ஆலோசகர் பதில்

சகோதரிக்கு வணக்கம். உங்கள் தம்பி சொன்னது தவறில்லை, ஆனால் அது அவருக்குச் சரியான கணக்கு. இந்தியாவில் சம்பளம் வாங்கி மேல் படியில் வரி கட்டுகிறவருக்கு ஆர்பிட்ராஜ் ஃபண்டில் உண்மையாகவே வரி மிச்சம். உங்கள் நிலைமையில் அதே கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

தம்பியின் கணக்கு உங்களுக்கு ஏன் பொருந்தவில்லை

ஆர்பிட்ராஜ் ஃபண்ட் தன் பணத்தில் 65 சதவீதத்துக்குக் குறையாமல் பங்குகளில் வைத்திருப்பதால் வரிச் சட்டம் அதைப் பங்கு ஃபண்டாகவே பார்க்கிறது. 12 மாதத்துக்குள் எடுத்தால் லாபத்துக்கு 20 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 20.8. லிக்விட் ஃபண்ட் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய யூனிட்டுகளை எத்தனை நாள் வைத்திருந்தாலும், அதன் லாபம் மற்ற வருமானத்தோடு சேர்ந்து அவரவர் வரிப்படிக்கு ஏற்ப வரிக்கு உட்படும். ஆண்டு வருமானம் 24 லட்சத்தைத் தாண்டியவருக்கு அது செஸ்ஸோடு 31.2 சதவீதம். 31.2-ஐயும் 20.8-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தம்பி பேசியிருக்கிறார்.

உங்கள் வரிப்படி என்ன? புதிய வரிமுறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரி கிடையாது. வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கும் இந்த 4 லட்சம் உண்டு. 12 லட்சம் வரை வரியில்லை என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்களே, அந்தத் தள்ளுபடிதான் நமக்குக் கிடையாது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்கள் கடை வாடகை ஆண்டுக்கு 1,44,000. அதில் 30 சதவீதக் கழிவு போக 1,00,800. இதற்கு மேல் ஏறக்குறைய 3 லட்சம் ரூபாய்வரை நீங்கள் வரியே இல்லாமல் சம்பாதிக்க இடமிருக்கிறது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு விதி வருகிறது. இந்தியாவில் வசிப்பவருக்கு வேறு வருமானம் குறைவாக இருந்தால், அந்த 4 லட்சத்தில் மிஞ்சியதைப் பங்கு ஃபண்டின் குறுகியகால லாபத்துக்கு எதிராகக் கழித்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆர்பிட்ராஜ் ஃபண்டில் நீங்கள் சம்பாதிக்கும் முதல் ரூபாயிலிருந்தே 20.8 சதவீதம் போய்விடும், உங்கள் மற்ற வருமானம் பூஜ்யமாக இருந்தாலும். லிக்விட் ஃபண்டின் லாபமோ படிக்கணக்கில் வருவதால் அந்த 4 லட்சத்துக்குள் அடங்கிக்கொள்கிறது.

எண்ணில் பார்ப்போம். கணக்கு எளிதாக இருக்க இரண்டு ஃபண்டுமே ஆண்டுக்கு 6 சதவீதம் தருவதாக வைத்துக்கொள்வோம் (இது உத்தரவாதமல்ல, இரண்டிலும் அப்படி ஒன்று கிடையாது). 60 லட்சத்துக்கு ஐந்து மாத லாபம் 1,50,000 ரூபாய். ஆர்பிட்ராஜில் வரி 31,200, அது திரும்பாது. கையில் நிற்பது 1,18,800. லிக்விட் ஃபண்டில் 1,50,000-ஐ வாடகையோடு கூட்டினால் மொத்தம் 2,50,800. 4 லட்சத்துக்கு வெகு கீழே. வரி பூஜ்யம், முழு ஒன்றரை லட்சமும் உங்களுடையது.

ஆர்பிட்ராஜ் உங்களுக்கு வரியில் முந்த வேண்டுமென்றால், இந்தியாவில் உங்கள் சாதாரண வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அதற்குக் கீழே எந்தப் படியும் 20 சதவீதத்துக்கு மேல் இல்லை. மனை விற்ற லாபத்துக்குத் தனி விகிதம் என்பதால் அது இந்தப் படிக்கணக்கில் சேராது.

பிடித்தம் வேறு, வரி வேறு

"அப்படியானால் 30 சதவீதம் பிடிக்கிறார்களே" என்று கேட்பீர்கள். பிடிக்கத்தான் செய்வார்கள். உங்களுக்கு வேறு வருமானம் எவ்வளவு என்று ஃபண்ட் நிறுவனத்துக்குத் தெரியாது. வெளிநாட்டில் வசிப்பவர் யூனிட்டை விற்றால், லிக்விட் ஃபண்ட் லாபத்தில் 31.2 சதவீதமும் ஆர்பிட்ராஜ் லாபத்தில் 20.8 சதவீதமும் முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் மீதியை அனுப்பும். லாபத்தில்தான் கழிவு, நீங்கள் போட்ட பணத்தில் கை வைக்க மாட்டார்கள். உங்கள் 1,50,000-ல் 46,800 ரூபாய் டிடிஎஸ் ஆகப் போய், 1,03,200 மட்டும் ஜூலையில் வந்து சேரும்.

அந்த 46,800 வரி அல்ல, வரித்துறையிடம் நிற்கும் உங்கள் பணம். ஆனால் எப்போது திரும்பும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஜூலையில் எடுக்கும் பணம் ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டைச் சேர்ந்தது. அதற்கான வரிக்கணக்கை அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குப் பிறகுதான் தாக்கல் செய்ய முடியும். ஆக, ஏறக்குறைய ஓராண்டு அந்தப் பணம் கைக்கு வராது. உரிய நேரத்தில் தாக்கல் செய்தால், அந்த ஏப்ரலிலிருந்து மாதத்துக்கு அரை சதவீத வட்டியோடு திரும்பும். குறைந்த பிடித்தத்துக்கு முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வழி இருக்கிறது, ஆனால் இந்தத் தொகைக்கு ஆடிட்டர் கூலியும் அலைச்சலும் கட்டுப்படியாகாது. ஜூலைப் பதிவுச் செலவுக்குக் கணக்குப் போடும்போது 1,50,000 அல்ல, ஒரு லட்சம் என்றே போடுங்கள்.

இன்னொரு பேச்சும் உங்கள் காதுக்கு வந்திருக்கலாம்: "சிங்கப்பூரில் வசிப்பவர்களுக்கு ஒப்பந்தப்படி மியூச்சுவல் ஃபண்ட் லாபத்துக்கு இந்தியாவில் வரியே இல்லை." இது வெறும் வதந்தி அல்ல. இந்தியா–சிங்கப்பூர் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தில் பங்குகள் பற்றித் தனி விதி இருக்கிறது. ஃபண்ட் யூனிட் என்பது பங்கு அல்ல, ஆகவே வசிக்கும் நாட்டுக்கே வரி உரிமை என்று மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் 2025-ல் சிங்கப்பூர்வாசி ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பாயத்துக்கு மேலே உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் இருக்கின்றன. சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் அந்த ஆண்டுக்கான வரிவாசிச் சான்றிதழ் வாங்கி, வரிக்கணக்கில் ஒப்பந்தச் சலுகையைக் கோரி, கேள்வி வந்தால் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். கோடிக் கணக்கில் லாபம் பார்த்தவர் அந்த வழக்கை நடத்தலாம். வெறும் 31,200 ரூபாய்க்காக ஆர்பிட்ராஜில் போட்டுவிட்டு ஒப்பந்தத்தை நம்பி இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அதுவும் லிக்விட் ஃபண்டில் எந்த வாதமும் இல்லாமல் வரி பூஜ்யமாகும்போது.

"ரிஸ்க் கிடையாது" என்பது பற்றி

ஆர்பிட்ராஜ் ஃபண்ட் உள்ளே நடப்பது இதுதான். ஒரு பங்கு இன்று சந்தையில் 1,000 ரூபாய். அதே பங்கை மாதக் கடைசியில் கொடுப்பதற்கான ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் 1,005-க்கு விலை போகிறது. ஃபண்ட் இங்கே 1,000-க்கு வாங்கி, அங்கே 1,005-க்கு விற்கிறது. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடியும் நாளில் இரண்டு விலையும் ஒன்றாகிவிடும். பங்கு 900-க்கு விழுந்தால் பங்கில் 100 நட்டம், ஃபியூச்சர்ஸில் 105 லாபம். 1,100-க்கு ஏறினால் பங்கில் 100 லாபம், ஃபியூச்சர்ஸில் 95 நட்டம். எப்படிப் போனாலும் மிஞ்சுவது 5 ரூபாய்.

அந்த 5 ரூபாய் உறுதியாவது மாதக் கடைசியில்தான். நடுவில் ஒரு நாள் சந்தை சூடாகி இடைவெளி 5-லிருந்து 9 ஆக விரிந்தால், அன்றைய விலையில் ஃபண்டின் கணக்கு 4 ரூபாய் குறைந்து காட்டும். ஃபண்ட் எங்கும் தவறு செய்யவில்லை, காத்திருந்தால் அந்த 4 ரூபாயும் திரும்பிவிடும். ஆனால் உங்களுக்கு அன்றுதான் பணம் தேவை என்றால், என்ஏவி எனும் அன்றைய யூனிட் விலை குறைவாக இருந்தாலும் அதிலேயே விற்றாக வேண்டும். ஓரிரு மாதத்துக்குள் எடுப்பவர்கள் "ஏன் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது" என்று கேட்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஐந்து மாதத்தில் இந்த ஆட்டம் ஓரளவு சமன்படும், கடைசி வாரத்துத் தாக்கம் மட்டும் இருக்கும்.

இதைவிடப் பெரியது, இடைவெளியே சுருங்கிப் போவது. எல்லோரும் பயந்து விற்கும்போது ஃபியூச்சர்ஸ் விலை பங்கு விலைக்குக் கீழே போய்விடும். 2020 மார்ச்சில் அப்படி நடந்தது. அப்போது புதிதாகப் பூட்ட லாபம் கிடைக்காது, ஃபண்ட் தன் பணத்தைக் குறுகியகாலப் பத்திரங்களில் வைத்துக் காத்திருக்கும். இந்த ஃபண்ட்களுக்குள் ஏராளமான பணம் குவியும்போதும் அந்த 5 ரூபாய்க்குப் பலர் போட்டி போடுவதால் அது தேயும். பல ஃபண்ட்கள் 15 அல்லது 30 நாளுக்குள் எடுத்தால் கால் சதவீதம்வரை வெளியேறும் கட்டணமும் வாங்குகின்றன.

முதல் அழியும் அளவுக்கு இதில் ஆபத்து இல்லைதான். தேதி குறித்த தேவைக்கு இது கொஞ்சம் வளைந்த கருவி, அவ்வளவுதான் என் குறை.

லிக்விட் ஃபண்டிலும் "ரிஸ்க் கிடையாது" என்று சொல்ல மாட்டேன். 91 நாளுக்குள் முதிரும் பத்திரங்களை மட்டுமே அது வாங்கலாம் என்பது செபியின் விதி. அதனால் வட்டி விகிதம் ஏறி இறங்கினாலும் அடி மெல்லியதாகவே விழும். 2020 மார்ச் போன்ற சில நாட்களில் என்ஏவி சற்று இறங்கியதுண்டு, சில நாளில் மீண்டது. மீளாத அடி வேறு இடத்திலிருந்து வரும்: பத்திரம் வெளியிட்ட நிறுவனம் பணம் திருப்பித் தராமல் போனால். 2017 பிப்ரவரியில் ஒரு லிக்விட் ஃபண்ட், காகிதம் தயாரிக்கும் ஒரே ஒரு நிறுவனத்தின் பத்திரம் தரம் இறங்கியதால், ஒரே நாளில் ஏறக்குறைய 7 சதவீதம் இழந்தது. ஓராண்டு வட்டி முழுவதும் ஒரு நாளில் போனதற்குச் சமம் அது.

ஆகவே போன வருஷம் எது அதிக லாபம் தந்தது என்ற பட்டியலைப் பார்த்து லிக்விட் ஃபண்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒவ்வொரு ஃபண்டும் தன் கையிருப்புப் பட்டியலை வெளியிடுகிறது. அதைத் திறந்து இரண்டு விஷயம் பாருங்கள். அரசு டிரெஷரி பில்லும் பெரிய வங்கிகளின் டெபாசிட் சான்றிதழும் பட்டியலில் பெரும்பங்கு வகிக்கின்றனவா? மற்ற நிறுவனப் பத்திரங்கள் இருந்தால், ஒரே குழுமம் திரும்பத் திரும்ப வருகிறதா? எல்லா ஃபண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரி சம்பாதிக்கும்போது ஒன்று மட்டும் அரை சதவீதம் மேலே நின்றால், அந்த அரை சதவீதம் எங்கிருந்து வருகிறது என்று பட்டியல் சொல்லிவிடும். 60 லட்சத்தை இரண்டு பெரிய நிறுவனங்களின் ஃபண்டில் பாதிப் பாதியாகப் பிரித்துவிட்டால் எனக்கு நிம்மதி.

டெபாசிட்டையும் ஒரு கண் பாருங்கள்

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் என்ஆர்ஓ நிரந்தர வைப்பைத் தள்ளிவிடாதீர்கள். அதன் வட்டிக்கும் வங்கி வழக்கமாக 31.2 சதவீதம் பிடிக்கும். ஆனால் வட்டி விஷயத்தில் ஒப்பந்தம் தெளிவாக இருக்கிறது: உச்சம் 15 சதவீதம். வரிவாசிச் சான்றிதழையும் அதோடு இணையத்தில் தாக்கல் செய்யும் இந்தியப் படிவத்தையும் கொடுத்தால் வங்கி 15 மட்டுமே பிடிக்கும். 5.5 சதவீத வட்டி என்று வைத்தால் ஐந்து மாதத்துக்கு 1,37,500. பிடித்தம் 20,625. இதுவும் 4 லட்சத்துக்குள் அடங்குவதால் பிறகு திரும்பும். லிக்விட் ஃபண்டைவிட வருமானம் 12,500 குறைவு, வரித்துறையிடம் முடங்குவது 26,000 குறைவு.

எனக்கு லிக்விட் ஃபண்ட்தான் மேல் என்று தோன்றுவதற்குக் காரணம் உங்கள் தேதி. வீட்டுப் பதிவு சொன்ன நாளில் நடப்பது அபூர்வம். வைப்பை முன்கூட்டி உடைத்தால் பெரும்பாலும் வட்டியில் கை வைப்பார்கள், முதிர்ந்த பிறகு பதிவு தள்ளிப்போனால் பணம் மறுபடி சும்மா கிடக்கும். தவிர, ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் காப்பீடு. என்ஆர்இ வைப்பு இந்தக் கணக்கிலேயே வராது. அதற்குக் குறைந்தபட்சக் காலம் ஓராண்டு, அதற்குமுன் உடைத்தால் வட்டியே கிடையாது.

ஜூலை 31

இந்தக் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் ஃபண்ட் அல்ல. மனை விற்ற லாபத்துக்கு வரி கட்டாமலிருக்க, விற்ற தொகையை வீட்டில் போடப் போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். வீடு வாங்க உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ஆனால் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள், அதாவது ஜனவரி விற்பனைக்கு இந்த ஜூலை 31-க்குள், வீட்டுக்குச் செலவாகாத தொகையை வங்கியில் "மூலதன ஆதாயக் கணக்கு" என்ற தனிக் கணக்கில் போட்டுவிட வேண்டும். லிக்விட் ஃபண்டில் இருக்கும் பணம் அதற்கு ஈடாகாது, "வீட்டுக்காகத்தான் வைத்திருந்தேன்" என்பதை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஜூலை முதல் வாரம் பதிவு நடந்துவிட்டால் இந்தப் பேச்சே இல்லை. வில்லங்கச் சான்றில் ஏதோ சிக்கல், விற்பவரின் வங்கிக் கடன் தீரவில்லை என்று ஆகஸ்ட்டுக்குத் தள்ளினால்தான் ஆபத்து. ஆகவே ஜூலை 15 வரை பதிவு உறுதியாகவில்லை என்றால், ஃபண்டை விற்று மூலதன ஆதாயக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். எல்லாக் கிளையிலும் அந்தக் கணக்கைத் திறக்க மாட்டார்கள், வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இன்னும் காகிதம் கேட்பார்கள். எந்தக் கிளை, என்ன ஆவணம் என்று ஜூனிலேயே கேட்டு வைப்பது நல்லது.

இரண்டு நுணுக்கம். முழு விலக்குக்கு வீட்டில் போட வேண்டியது கையில் வந்த 60 லட்சம் அல்ல, விற்ற 70 லட்சம் (விற்பனைச் செலவு போக). வாங்கியவர் பிடித்த 10 லட்சமும் அதில் அடக்கம். உங்கள் ஃபிளாட் 75 லட்சம் என்பதால் சரியாகப் போகிறது, அந்த 10 லட்சத்தை இந்த ஜூலைத் தாக்கலில் திரும்பக் கோரலாம். அடுத்தது, விற்ற நாளில் உங்கள் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட குடியிருப்பு வீடு இருந்தால் இந்த விலக்கு கிடையாது. கடை குடியிருப்பு ஆகாது. உங்கள் வீவக வீட்டையும் வேறு ஏதேனும் பூர்வீக வீட்டுப் பங்கையும் சேர்த்து ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

போடுவதும் எடுப்பதும்

முதலில் உங்கள் கேஒய்சி பதிவு எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். ஊரில் இருந்த காலத்தில் திறந்த பழைய ஃபண்ட் கணக்கு இருந்தால், அதில் நீங்கள் இன்னும் இந்தியவாசியாகவே இருக்கக்கூடும். வரி பிடிக்க மாட்டார்கள் என்று அதிலேயே போடச் சிலர் சொல்வார்கள், அது பொய் விவரம் தருவதாகும். நிலையை வெளிநாட்டுவாசி என்று மாற்றி, சிங்கப்பூர் முகவரியையும் இங்குள்ள வரி அடையாள எண்ணையும் கொடுத்து, என்ஆர்ஓ கணக்கை இணையுங்கள். இந்த வேலைக்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் இன்றே தொடங்குங்கள்.

டைரக்ட் திட்டத்தில், குரோத் வகையில் போடுங்கள். தரகர் வழியாக வரும் ரெகுலர் திட்டத்தின் கழிவு ஐந்து மாதத்துக்குச் சிறியதுதான், ஆனாலும் எதற்காகக் கொடுக்க வேண்டும்? பெரிய தொகை என்பதால் ஆர்டிஜிஎஸ்ஸில் அனுப்புவது சுலபம். பணம் ஃபண்டின் கணக்கில் இந்திய நேரம் மதியம் 1.30-க்குள், இங்கே மாலை 4 மணிக்குள், சேர்ந்தால் முந்தைய நாள் என்ஏவி கிடைக்கும். முதல் ஆறு நாளுக்குள் எடுத்தால் சிறு கட்டணம் உண்டு, முதல் நாளுக்கு 0.0070 சதவீதம். 60 லட்சத்துக்கு 420 ரூபாய். ஏழாம் நாளிலிருந்து ஒன்றுமில்லை.

எடுக்கும்போது இந்திய நேரம் பிற்பகல் 3 மணிக்குள் (இங்கே மாலை 5.30) விண்ணப்பித்தால் பொதுவாக அடுத்த வேலைநாளில் பணம் என்ஆர்ஓ கணக்குக்கு வரும். ஆர்பிட்ராஜில் இன்னும் ஓரிரு நாள் கூடுதலாகும். உடனே 50,000 ரூபாய் எடுக்கும் வசதியை நம்பாதீர்கள், பெரும்பாலான நிறுவனங்கள் அதை இந்தியாவில் வசிப்பவர்களுக்கே தருகின்றன. பதிவுக்கு ஒரு வாரம் முன்பே முழுவதையும் விற்றுவிடுங்கள். ஒரு வார வட்டி ஏழாயிரம் ரூபாய்க்குள்தான் இருக்கும். வங்கி விடுமுறையில் பணம் மாட்டிக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் டிராஃப்ட் இல்லாமல் நிற்பதற்கு அது மலிவு.

மீதி 15 லட்சம்

இதை இப்போதே அனுப்ப அவசரமில்லை. வெள்ளியை ரூபாயாக மாற்றும் செலவு இன்று மாற்றினாலும் ஜூனில் மாற்றினாலும் ஒன்றுதான். இன்று மாற்றினால் ஐந்து மாதத்துக்கு இந்திய வட்டி கிடைக்கும், 15 லட்சத்துக்கு 6 சதவீதத்தில் 37,500 ரூபாய். அதற்குள் ரூபாய் இரண்டரை சதவீதம் சரிந்தால், வெள்ளியாகவே வைத்திருந்தவருக்கும் அதே லாபம், இங்கே கிடைக்கும் வட்டி அதற்கு மேல். ரூபாய் ஏறினால் காத்திருந்தவருக்கு நட்டம். இரண்டில் எது நடக்கும் என்று சொல்பவரை நம்ப வேண்டாம்.

இங்கேயே வைத்திருப்பதானால் ஆறு மாத டிரெஷரி பில் உங்கள் தேதிக்குப் பொருந்தாது, ஜூலையைத் தாண்டிவிடும். சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்தை எந்த மாதமும் அபராதமின்றித் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் மாதக் கடைசிக்கு நான்கு வேலைநாள் முன்பே விண்ணப்பித்தால்தான் அடுத்த மாதம் இரண்டாம் வேலைநாளுக்குள் பணம் வரும். ஜூனில் விண்ணப்பித்து ஜூலை முதல் வாரப் பதிவுக்கு அனுப்புவது மிக நெருக்கம், மே மாதமே கேட்டுவிட வேண்டியிருக்கும். இந்தத் தொகைக்கு வங்கியின் மூன்று மாத வைப்பு போதும்.

எப்போது அனுப்பினாலும் என்ஆர்ஓ கணக்குக்கு அனுப்பி 60 லட்சத்தோடு கலக்காதீர்கள், என்ஆர்இ கணக்குக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு எவ்வளவு பணம் வெளிநாட்டிலிருந்து வந்தது என்பதற்கு அந்தக் கணக்கின் பதிவே சாட்சி. நாளை வீட்டை விற்றுப் பணத்தை இங்கே கொண்டுவர நினைத்தால் வங்கி முதலில் கேட்பது அதைத்தான்.